ஆழமும் உவர்ப்பும்: சாய்வு திசைமாறும் ஒரு கணக்கு

ஊராட்சிகளில் குடிநீர்க் கிணறு தோண்டும் வேலைக்கு மதிப்பீடு தயாரிக்கும்போது முதலில் எழும் கேள்வி, எத்தனை அடி ஆழம் தோண்டுவது என்பதேயாகும். இன்னும் ஆழமாகப் போனால் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்பது நம் மக்களிடையே வேரூன்றிய நம்பிக்கை. மலையடிவாரத்து ஊர்களில் அதற்கு ஓரளவு நியாயமும் உண்டு. ஆனால் சென்னை மாநகரின் வடகோடியில், இராயபுரம் முதல் திருவொற்றியூர், எண்ணூர் வழியாகக் காட்டுப்பள்ளி வரை நீண்டு செல்லும் கடற்கரையிலும், அதற்கு மேற்கே மீஞ்சூர், பஞ்செட்டி வரை பரந்துள்ள கிராமங்களிலும் இந்த நம்பிக்கையைக் கணக்கில் இட்டுச் சோதித்தால் வியப்பான முடிவொன்று கிட்டும். கிணறுகளையெல்லாம் ஒரே பட்டியலில் சேர்த்துக் கணக்கிட்டால், ஆழம் கூடக்கூட உவர்ப்புக் குறைவதாகத் தோன்றும். அதே கிணறுகளைக் கடலிலிருந்துள்ள தூரத்தைக் கொண்டு பிரித்துக் கணக்கிட்டால், ஆழம் கூடக்கூட உவர்ப்பும் கூடுவதாகத் தெரியும். எண்கள் மாறுவதில்லை, கூட்டல் கழித்தலில் பிழையும் இல்லை. இது எவ்வாறு நிகழ்கிறது என்பதை விளக்குவதே இப்பாடம்.

முதலில் நிலத்தின் இயல்பை அறிந்துகொள்வோம். கடற்கரையை ஒட்டிய மணல்மேடுகளில் மழைநீர் விரைந்து இறங்கி, கீழுள்ள உப்புநீரின்மேல் ஒரு வில்லையைப் போல் மிதந்து நிற்கிறது. நன்னீரைவிடக் கடல்நீர் சற்றே கனமானது. நன்னீர் ஒரு பங்கு என்றால் கடல்நீர் சுமார் 1.025 பங்கு கனமுடையது. இச்சிறு வேற்றுமையிலிருந்து பிறக்கும் விதியைக் கிபன், ஹெர்ட்ஸ்பர்க் என்னும் இருவர் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தனித்தனியே கண்டறிந்தனர். நிலத்தடி நன்னீரின் மட்டம் கடல் மட்டத்திற்கு மேல் ஒரு மீட்டர் உயர்ந்து நின்றால், கடல் மட்டத்திற்குக் கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். அரை மீட்டர்தான் உயர்ந்து நிற்கிறது என்றால் 20 மீட்டர் வரைதான் நன்னீர். இறைப்பினால் அந்த மட்டம் ஒரு சாண் இறங்கினாலும், கீழுள்ள உப்புநீர் காலப்போக்கில் பல மீட்டர் மேலேறி வரக்கூடும். ஆகவே கடலோரத்தில் ஆழமாகத் துளைப்பவர் நன்னீரை விட்டு உப்புநீரை நெருங்குகிறார். அங்கு வாழும் பழங்குடிகளும் மீனவ மக்களும் மணலில் கையால் தோண்டிய ஊற்றையும் ஆழமில்லாத உறைகிணற்றையும் நம்பி வாழ்ந்ததற்குக் காரணம் வசதிக் குறைவு மட்டுமன்று. இராயபுரத்திற்குத் தெற்கே பெத்துநாய்க்கன்பேட்டையில் 1772ஆம் ஆண்டில் கோட்டைக்குத் தண்ணீர் தருவதற்காக ஏற்பட்ட ஏழுகிணறும் ஆழமில்லாத மணற்கிணறுகளே.

உட்பகுதியிலோ நிலைமை வேறு. கொசஸ்தலையாறும் ஆரணியாறும் கொணர்ந்து சேர்த்த மணலும் சரளையும் களிமண்ணும் அங்கு அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. மேலடுக்கில் ஒரு நீர்த்தாங்கி. களிமண்ணுக்குக் கீழே மற்றொரு நீர்த்தாங்கி. கீழ்த்தாங்கியில் நீர் நிறைய இருந்ததனால் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் முதலிய இடங்களில் கிணற்றுத் தொகுதிகள் அமைக்கப்பட்டு, சென்னை நகரத்திற்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் பல்லாண்டுகள் நீர் இறைக்கப்பட்டது. விவசாயப் பம்புகளும் அதே நீரை இறைத்தன. கீழ்த்தாங்கியின் அழுத்தம் கடல் மட்டத்திற்குக் கீழே இறங்கவே, கடல்நீர் நிலத்தடியில் மேற்கு நோக்கி நகர்ந்தது. 1960களின் இறுதியில் கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டரில் நின்ற உவர்நீர், பின்வந்த பத்தாண்டுகளில் மீஞ்சூரைத் தாண்டிச் சென்றது. நிலத்தடி நீரை எடுப்பதை ஒழுங்குபடுத்தச் சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கென 1987இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டதற்கும் இதுவே முக்கியக் காரணம். 2010இல் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் இயங்கத் தொடங்கியது. நிலத்தடியில் கடல் உள்ளே வந்த அதே வட்டாரத்தில், கடலையே குழாயில் எடுத்து உப்பு நீக்கிக் குடிக்கும் நிலை வந்தது!

இனிக் கணக்கிற்கு வருவோம். கீழே காணும் ஒன்பது கிணறுகளின் எண்கள் பாடத்திற்காக அமைக்கப்பட்டவை. எந்த ஊரின் அளவீடும் அல்ல. மேலே கூறிய நிலத்தின் இயல்பு விளங்கும்படியும், கையால் கணக்கிட எளிதாக இருக்கும்படியும் அவை தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளன. ஆழம் மீட்டரிலும், நீரில் கரைந்துள்ள மொத்த உப்புகள் லிட்டருக்கு மில்லிகிராமிலும் தரப்பட்டுள்ளன. இந்தியத் தர நிறுவனத்தின் குடிநீர்த் தரம் 500 வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாவிடத்து 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் கூறுவதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க.

| பட்டை | ஆழம் | உப்பு |
|---|---|---|
| கடலோரம் | 4 | 1,820 |
| கடலோரம் | 8 | 1,960 |
| கடலோரம் | 12 | 2,220 |
| நடுப்பகுதி | 14 | 1,070 |
| நடுப்பகுதி | 18 | 1,360 |
| நடுப்பகுதி | 22 | 1,470 |
| உட்பகுதி | 24 | 410 |
| உட்பகுதி | 28 | 580 |
| உட்பகுதி | 32 | 810 |

ஆழத்திற்கும் உப்பிற்கும் உள்ள தொடர்பை ஒரு நேர்கோட்டால் காட்டுவதைத் தொடர்புப்போக்கு என்பர். அக்கோட்டின் சாய்வு, ஆழம் ஒரு மீட்டர் கூடினால் உப்பு எவ்வளவு கூடுகிறது அல்லது குறைகிறது என்பதைச் சொல்லும். சாய்வைக் காணும் வழி இது. ஒவ்வொரு கிணற்றின் ஆழமும் சராசரி ஆழத்திலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்று காண்க. உப்பிற்கும் அவ்வாறே விலக்கம் காண்க. இரு விலக்கங்களையும் பெருக்கி, எல்லாக் கிணறுகளுக்கும் கூட்டுக. அத்தொகையை ஆழ விலக்கங்களின் வர்க்கத் தொகையால் வகுத்தால் கிடைப்பதே சாய்வு.

ஒன்பது கிணறுகளையும் ஒன்றாக எடுத்துக்கொண்டால் சராசரி ஆழம் 18 மீட்டர். சராசரி உப்பு 1,300. முதல் கிணறு ஆழத்தில் 14 குறைவு, உப்பில் 520 மிகுதி. பெருக்கினால் 7,280 குறை எண்ணாக வரும். இவ்வாறே ஒன்பதையும் கணக்கிட்டுக் கூட்டினால், பெருக்கற்தொகை குறை 37,200. ஆழ விலக்கங்களின் வர்க்கத் தொகை 696. வகுத்தால் சாய்வு குறை 53 என்று வருகிறது. அதாவது, ஒரு மீட்டர் கூடுதலாகத் தோண்டினால் லிட்டருக்கு 53 மில்லிகிராம் உப்புக் குறையும் என்று இக்கோடு கூறுகிறது. ஊர் நம்பிக்கைக்கு எண்ணின் ஆதரவும் கிடைத்துவிட்டது!

இப்போது அதே கணக்கைப் பட்டைக்குள்ளே செய்வோம். கடலோரத்து மூன்று கிணறுகளின் சராசரி ஆழம் 8. சராசரி உப்பு 2,000. விலக்கங்களை இந்தச் சராசரிகளிலிருந்து காணவேண்டும். முதற்கிணறு ஆழத்தில் 4 குறைவு, உப்பில் 180 குறைவு, பெருக்கினால் 720. நடுக்கிணற்றின் ஆழம் சராசரியே ஆதலால் பூஜ்யம். மூன்றாவது, ஆழத்தில் 4 மிகுதி, உப்பில் 220 மிகுதி; பெருக்கினால் 880. ஆக 1,600. ஆழத்தின் வர்க்கத் தொகை 16உம் 16உம் சேர்ந்து 32. வகுத்தால் 50, இது மிகை எண். நடுப்பகுதிக்கும் உட்பகுதிக்கும் இதே முறையில் கணக்கிட்டால், அவற்றிலும் 1,600ஐ 32ஆல் வகுத்து 50 என்றே வரும். மூன்றையும் கூட்டி 4,800ஐ 96ஆல் வகுத்தாலும் 50தான். ஆக, எந்தப் பட்டையிலும் ஒரு மீட்டர் கூடுதலாகத் தோண்டினால் உப்பு 50 கூடுகிறது, குறையவில்லை.

கணிப்பொறியில் செய்பவர்கள் ஆழம் என்னும் மாறியோடு பட்டை என்னும் மாறியையும் சேர்த்துத் தொடர்புப்போக்குக் காண்பார்கள். அதற்கும் நாம் கையால் செய்ததற்கும் வேற்றுமை இல்லை. பட்டை மாறியைச் சேர்ப்பதென்பது ஒவ்வொரு பட்டைக்கும் தனித் தொடக்க எண் கொடுத்து, சாய்வை மட்டும் பொதுவாக வைப்பதேயாகும். நம் எடுத்துக்காட்டில் கடலோரத்திற்கு 1,600, நடுப்பகுதிக்கு 400, உட்பகுதிக்கு குறை 800 என்று தொடக்க எண்கள் வரும். அவற்றோடு ஆழத்தின் ஐம்பது மடங்கைச் சேர்க்கவேண்டும். ஆழமே இல்லாத கிணற்றில் உப்பு குறை 800 என்பது பொருளற்றது. ஆனால் அதைக் கண்டு மருளவேண்டியதில்லை. உட்பகுதியில் 24 மீட்டருக்குக் குறைந்த கிணறே பட்டியலில் இல்லை என்பதைத்தான் அது நினைவூட்டுகிறது.

ஒரே எண்கள் இருவகையாகப் பேசுவது ஏன்? கடலோரத்தார் ஆழமில்லாத கிணறு வைத்திருக்கிறார்கள். அங்கு உப்பும் மிகுதி. உட்பகுதியார் ஆழ்துளைக் கிணறு வைத்திருக்கிறார்கள். அங்கு உப்புக் குறைவு. கடலோரத்தில் உப்பு மிகுதியாக இருப்பது கிணறு மேலோட்டமானது என்பதனால் அன்று; கடல் அண்மையில் இருப்பதனால். கிணறு மேலோட்டமாக இருப்பதும் அதே கடலின் அண்மையால்தான். கீழே போனால் உவர் என்று அறிந்தே மக்கள் நிறுத்திக்கொண்டார்கள். ஒரே காரணம் ஆழத்தையும் உப்பையும் எதிரெதிர்த் திசைகளில் தள்ளுகிறது. அக்காரணத்தைப் பட்டியலிலிருந்து மறைத்துவிட்டால், அதன் செயலெல்லாம் ஆழத்தின் பெயரில் வரவு வைக்கப்படுகிறது.

எவ்வளவு வரவு என்பதையும் எண்ணால் காட்டலாம். ஆழத்தின் மொத்த வர்க்கத் தொகை 696 என்று கண்டோம். இதில் 600 பட்டைகளின் சராசரிகள் ஒன்றுக்கொன்று வேறுபடுவதால் வந்தது. 96 மட்டுமே பட்டைக்குள் கிணற்றுக்குக் கிணறு வேறுபடுவதால் வந்தது. சராசரிகளை மட்டும் எடுத்துக்கொண்டால் ஆழம் 8, 18, 28; உப்பு 2,000, 1,300, 600. மீட்டருக்கு 70 குறைகிறது. ஆகவே ஒன்றாகச் சேர்த்த சாய்வு என்பது குறை 70க்கு நூற்றில் 86 பங்கும், மிகை 50க்கு நூற்றில் 14 பங்கும் எடை கொடுத்துப் பெற்ற ஒரு கலவை. ஒரே கிணற்றை ஆழப்படுத்தினால் என்ன ஆகும் என்ற செய்தி அந்தப் பதினான்கு பங்கில்தான் இருக்கிறது. மீதமெல்லாம் ஊருக்கும் ஊருக்கும் உள்ள வேற்றுமை.

இப்பிழையால் விளையும் தீங்கு சிறிதன்று. கடலோரத்து ஊராட்சியில் 8 மீட்டர் கிணற்றை 20 மீட்டராக ஆழப்படுத்த ஒருவர் மதிப்பீடு கொண்டுவருகிறார் என்று கொள்வோம். சேர்த்துக் கண்ட கோட்டின்படி 20 மீட்டரில் உப்பு சுமார் 1,190 இருக்கும். பொறுத்துக்கொள்ளத்தக்க எல்லைக்குள் நன்றாகவே அடங்கும். பட்டைக்குள் கண்ட கோட்டின்படி அது 2,600 ஆகும். குடிக்கத் தகாத நீர். செலவழிந்த பணம் போகட்டும். கீழேயுள்ள உவர்நீருக்கு வழி திறந்து, பக்கத்திலுள்ள ஆழமில்லாத கிணறுகளையும் கெடுத்துவிட நேரும். உண்மையில் 2,600 என்பதும் குறைவான மதிப்பீடாக இருக்கலாம். ஏனெனில் நன்னீர் வில்லையின் அடியைத் தாண்டியதும் உப்பு நேர்கோட்டில் மெல்ல ஏறுவதில்லை. ஓரிரு மீட்டருக்குள் பன்மடங்காகத் தாவுகிறது. பட்டியலில் 12 மீட்டர் வரையே கடலோரக் கிணறு இருக்க, 20 மீட்டருக்குக் கோட்டை நீட்டுவது எந்தக் கோடாயினும் துணிச்சலான செயலே.

இந்த விந்தை நம் வட்டாரத்திற்கு மட்டும் உரியதன்று. வகைகளைக் கலப்பதால் பொய்த் தொடர்பு தோன்றுவதைப் பியர்சன் 1899லும் யூல் 1903லும் எடுத்துக்காட்டினர். 1951இல் சிம்ப்சன் என்னும் பிரித்தானியப் புள்ளியியலார் இதைப் பற்றி எழுதினார். 1972இல் பிளைத் என்பவர் இதற்குச் ‘சிம்ப்சனின் முரண்’ என்று பெயர் சூட்டினார். நாம் அமைத்த எண்களை நம்பத் தயங்கும் வாசகர், உலகறிந்த ஒரு மெய்யான அளவீட்டில் இதைச் சரிபார்க்கலாம். ஆண்டர்சன் என்பவர் அளந்து, 1936இல் ஃபிஷர் வெளியிட்ட ஐரிஸ் மலர்களின் பட்டியல் அது. மூன்று இனங்கள், இனத்திற்கு 50 வீதம் 150 மலர்கள். புல்லியிதழின் அகலத்தைக் கொண்டு அதன் நீளத்தைக் கணித்தால் சாய்வு குறை 0.22, அகலமான இதழ் குட்டையானது என்பது போல் தோன்றும். இனம் என்னும் மாறியைச் சேர்த்ததும் சாய்வு மிகை 0.80 ஆகிவிடுகிறது. ஒரே இனத்திற்குள் அகலமான இதழ் நீளமாகவும் இருக்கிறது. பெரிய பூவுக்கு எல்லாமே பெரிதாக இருக்கும் என்ற சாதாரண உண்மைதான். செட்டோசா என்னும் இனத்தின் இதழ் இயல்பாகவே குட்டையாகவும் அகலமாகவும் இருப்பதால் வந்த குழப்பம் இது.

ஆயின் பிரித்துக் கண்ட கோடுதான் எப்போதும் சரி, சேர்த்துக் கண்ட கோடு எப்போதும் தவறு என்று கொள்ளலாகாது. எந்தக் கோடு வேண்டும் என்பதைக் கேள்விதான் தீர்மானிக்கிறது. ‘ஒன்றியத்தில் எங்கோ ஒரு கிணறு, இடம் தெரியாது, ஆழம் 30 மீட்டர் என்று மட்டும் தெரியும். அதன் நீர் எப்படியிருக்கும்?’ என்று கேட்டால், சேர்த்துக் கண்ட கோடே நல்ல விடை தரும். ஆழமான கிணறு என்றால் அது உட்பகுதியில் இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆகவே நல்ல நீராக இருக்கவும் வாய்ப்பு அதிகம். ‘இந்தக் கிணற்றை இன்னும் ஆழப்படுத்தினால் என்ன ஆகும்?’ என்று கேட்டால் கதை வேறு. ஆழப்படுத்துவதால் கிணறு கடலை விட்டு அகன்று போய்விடாது. தூரம் மாறாமல் ஆழம் மட்டும் மாறும் நிலையைத்தான் கேள்வி கேட்கிறது. ஆதலின் தூரத்தை நிலைநிறுத்திக் கண்ட கோடே அதற்கு விடையாகும். முன்னது ஊகிப்பதற்கான கேள்வி. பின்னது ஒரு செயலைச் செய்வதற்கான கேள்வி. அலுவலகக் கோப்புகளில் வருவன பெரும்பாலும் பின்னவையே என்றாலும், அவற்றுக்கு முன்னதன் விடையை எழுதிவிடும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

எதைக் கொண்டு பிரிப்பது என்பதிலும் எச்சரிக்கை வேண்டும். கடலிலிருந்துள்ள தூரம், கிணறு தோண்டுவதற்கு முன்பே உள்ளது. ஆழத்தையும் உப்பையும் அது பாதிக்கிறது, அவற்றால் அது பாதிக்கப்படுவதில்லை. ஆகவே அதைக் கொண்டு பிரிப்பது முறையானது. மாறாக, ஒருவர் கிணறுகளைப் பம்பின் வகை கொண்டு பிரிக்கிறார் என்க: கைப்பம்பு ஒரு வகை, மின்மோட்டார் மற்றொரு வகை. ஆழம் மிகுந்தால் கையால் அடித்து நீர் எடுக்க முடியாது; மோட்டார் தேவைப்படுகிறது. மோட்டார் வேகமாக இறைப்பதால் கீழுள்ள உவர்நீர் கூம்பு போல் மேலெழுந்து வருகிறது. அதாவது, ஆழம் செய்யும் தீங்கில் ஒரு பகுதி மோட்டாரின் வழியாகத்தான் நிகழ்கிறது. மோட்டார் வகையை நிலைநிறுத்திக் கணக்கிட்டால் அந்தப் பகுதி மறைந்துபோய், ஆழம் உள்ளதைவிடத் தீங்கற்றதாகத் தோன்றும். கையில் இருக்கும் மாறிகளையெல்லாம் கணிப்பொறியில் போட்டுவிட்டால் உண்மை தானே வெளிவரும் என்று எண்ணுவோர் இதைச் சிந்திக்கவேண்டும். மாறியைச் சேர்ப்பது சாய்வைத் திருத்தவும் கூடும், கெடுக்கவும் கூடும்; எது என்பதை எண்கள் சொல்லா, கிணறும் நிலமும் அறிந்தவர்தாம் சொல்லவேண்டும்.

பதிவேட்டிலேயே ஒளிந்திருக்கும் பிரிவு ஒன்று உண்டு. ஊராட்சிப் பதிவேட்டில் பெரும்பாலும் பயன்பாட்டில் உள்ள கிணறுகளே இருக்கும். உவர்த்துப்போனதனால் கைவிடப்பட்டவை நாளடைவில் விடுபட்டுவிடும். நம் பட்டியலில் 2,000க்கு மேல் உப்புள்ள கிணறு கைவிடப்பட்டதாகக் கொண்டால், கடலோரத்து 12 மீட்டர் கிணறு நீங்கிவிடும். எஞ்சிய இரண்டைக் கொண்டு கணக்கிட்டால் சாய்வு 50 அன்று, 35 ஆகிவிடுகிறது. கடலோரத்தில் ஆழமாகத் தோண்டிய கிணறுகளுள் தற்செயலாகத் தப்பியவை மட்டுமே பதிவேட்டில் எஞ்சி நிற்கும் ஊர்களில், சாய்வு இன்னும் தேய்ந்து காணாமற்போகவும் கூடும். இது பட்டையால் பிரித்த பிறகும் தீராத குறை. ஆகவே கணக்கெடுக்கச் செல்பவர், மூடப்பட்ட கிணறு எங்கே, அது எத்தனை மீட்டர், எதனால் மூடினார்கள் என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு அவற்றையும் எழுதிக்கொள்ளவேண்டும்.

இத்தகைய திசைமாற்றம் ஒளிந்திருக்கிறதா என்று அறிய, எளியதும் உறுதியானதுமான வழி வரைபடமே. ஆழத்தைக் கிடையாகவும் உப்பை நெடுக்காகவும் வைத்து ஒவ்வொரு கிணற்றையும் ஒரு புள்ளியாக இட்டு, ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு நிற மை கொண்டு குறித்தால், நம் எடுத்துக்காட்டில் மேலே இடப்புறம் ஒரு கூட்டமும், நடுவில் ஒன்றும், கீழே வலப்புறம் ஒன்றுமாக மூன்று கூட்டங்கள் தெரியும். கூட்டங்கள் படிக்கட்டைப் போல் இறங்க, ஒவ்வொரு கூட்டமும் தனக்குள் ஏறுமுகமாக இருப்பதைக் கண் உடனே கண்டுகொள்ளும். நிறமின்றி ஒரே மையில் குறித்தால் இறங்குமுகம் மட்டுமே தெரியும்.

அதே படம் மற்றொரு குறையையும் காட்டிக்கொடுக்கும். நம் பட்டியலில் கடலோரக் கிணறு 12 மீட்டரில் முடிகிறது; நடுப்பகுதிக் கிணறு 14 மீட்டரில்தான் தொடங்குகிறது. ஒரே ஆழமுள்ள இரு கிணறுகள் இரு பட்டைகளில் எங்கும் இல்லை. இந்நிலையில், ‘ஒரே ஆழத்தில் கடலோரம் உட்பகுதியைவிட 2,400 மிகுதி’ என்று தொடக்க எண்களைக் கழித்துச் சொல்வது, பார்க்காத ஒன்றைக் கோட்டின் நீட்சியால் சொல்வதாகும். பட்டைக்குள் சாய்வு 50 என்பதை நம்பலாம். பட்டைகளுக்கிடையே ஒரே ஆழத்து ஒப்பீட்டை அவ்வளவு நம்பலாகாது. மெய்யான அளவீட்டில் மூன்று பட்டைகளுக்கும் சாய்வு ஒன்றாகவே இருக்கும் என்பதும் உறுதியில்லை. கடலோரத்தில் அது செங்குத்தாகவும், உட்பகுதியில் ஏறக்குறையத் தட்டையாகவும் இருக்க வாய்ப்புண்டு. ஆகையால் முதலில் பட்டைதோறும் தனித்தனிச் சாய்வு கண்டு, அவை நெருங்கியிருந்தால் மட்டுமே பொதுச் சாய்வு காண்க. பட்டைக்கு மூன்று கிணறு பாடத்திற்குப் போதும், வேலைக்குப் போதாது. பட்டைக்கு இருபது, முப்பது கிணறுகளாவது வேண்டும்.

அளக்கும் காலமும் ஒரு மறைந்த பிரிவே. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் கடலோர மணற்கிணற்றில் உப்பு வெகுவாகக் குறையும். சித்திரை, வைகாசியில் ஏறும். ஆழ்துளைக் கிணற்றில் இந்த ஏற்ற இறக்கம் அவ்வளவு இராது. மேலோட்டமான கிணறுகளைக் கோடையிலும், ஆழமானவற்றை மழைக்குப் பின்னும் அளந்தால், பருவத்தின் வேலை ஆழத்தின் பெயரில் எழுதப்படும். எல்லாப் பட்டைகளையும் ஒரே இரு வாரங்களுக்குள் அளந்து முடிப்பது நலம். இயலாவிடின் அளந்த தேதியையாவது ஒவ்வொரு கிணற்றுக்கும் எழுதிவைத்து, அதையும் ஒரு மாறியாகச் சேர்க்கவேண்டும். நீரின் மின்கடத்தும் திறனை அளக்கும் சிறு கருவி இப்போது சட்டைப்பையில் அடங்குகிறது; கிணற்றடியிலேயே ஒரு நிமிடத்தில் அளவு தெரியும். மைக்ரோசீமென்சில் வரும் அந்த எண்ணைச் சுமார் 0.65ஆல் பெருக்கினால் உப்பின் அளவு உத்தேசமாகக் கிடைக்கும். கிணற்றின் ஆழத்தை மட்டும் பதிவேட்டைப் பார்த்து எழுதாமல், கயிற்றில் கல் கட்டி இறக்கி அளப்பது நல்லது. ஆழ்துளைக் கிணறாயின், மொத்த ஆழத்தைவிடக் குழாயில் துளைகள் எந்த ஆழத்தில் தொடங்குகின்றன என்பதே முக்கியம். நீர் உள்ளே வருவது அங்கிருந்துதான். துளை போட்டவரிடம் அந்த விவரம் இருக்கும். அவர் ஊரைவிட்டுப் போவதற்குள் கேட்டு எழுதிக்கொள்ளவேண்டும்.